வகிட்டில் நரை, நுனியில் நார்: டை எத்தனை நாளுக்கு ஒருமுறை?

"அக்கா, எனக்கு 47 வயசு, கடலூர் மஞ்சக்குப்பம். முதுகுல பாதி வரைக்கும் முடி இருக்கு. நாலு வருஷமா மூணு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கருப்பு டை அடிக்கிறேன். பதினஞ்சு நாள்லயே வகிட்டில் வெள்ளை தெரியுது, ஆனா நுனியெல்லாம் தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சு, சீப்புல துண்டு துண்டா வருது. எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிச்சா முடி கெடாது?"

வேருக்கு 5 வாரத்துக்கு ஒருமுறை அடியுங்கள், ரொம்ப அவசரம் என்றால் 4 வாரம், அதற்குக் கீழே போகாதீர்கள். ஏற்கனவே டை ஏறிய நீளத்துக்கு, முக்கியமாக அந்த நார் போன நுனிக்கு, இனிமேல் டையே வேண்டாம். இதுதான் என் பதில். வேருக்கு ஒரு கணக்கு, நீளத்துக்கு ஒரு கணக்கு என்று ஏன் பிரிக்கிறேன் என்பதைப் புரிந்துகொண்டால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 19 வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். டை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் கேள்வியைத்தான் கேட்பார்கள். எல்லோரும் நாட்களை எண்ணுகிறார்கள். நான் எண்ணச் சொல்வது வேறு. உங்கள் தலையில் இருக்கிற ஒரு குறிப்பிட்ட சென்டிமீட்டர் முடி இதுவரை எத்தனை முறை டையைச் சந்தித்திருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் முடியையே எடுத்துக்கொள்வோம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். சிலருக்குக் கொஞ்சம் கூட, சிலருக்குக் கொஞ்சம் குறைச்சல், ஆனால் கணக்குக்கு 1 செ.மீ. போதும். முதுகில் பாதி என்றால் ஏறக்குறைய 45 செ.மீ. நீளம் இருக்கும். அப்படியானால் உங்கள் நுனி 45 மாதத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால், தலையிலிருந்து வெளியே வந்த முடி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 தடவை. ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து நுனி வரை பூசியிருந்தால் அந்த நுனி இதுவரை 64 தடவை டைக்குள் ஊறியிருக்கிறது. வேரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, காதுக்குப் பக்கத்தில் இருக்கிற முடி 14 தடவை. இன்றைக்கு வேரில் இருக்கிற முடி ஒரு தடவை. ஒரே தலை, ஒரே டை, ஒரே கை. வேர்ப்பக்கம் பளபளப்பாகவும் நுனி நாராகவும் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நீங்கள் முழு நீளத்துக்கும் பூசினேன் என்று எழுதவில்லைதான். ஆனால் வீட்டில் தனியாக அடிக்கிற கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், கிண்ணத்தில் மீதி இருக்கிறதே, வீணாகப் போகிறதே என்று கடைசியில் எல்லாவற்றையும் நுனி வரை இழுத்துவிடுவார்கள். டப்பாவோடு வருகிற காகிதத்திலேயே பல கம்பெனிகள் "கடைசி 5 அல்லது 10 நிமிடம் முழு முடிக்கும் சீவிவிடவும்" என்று போட்டிருக்கும். நான் தொழில் கற்றுக்கொண்டபோது எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு டீச்சர் மாதம் தவறாமல் என்னிடம் வருவார், நல்ல கனமான பின்னல் அவருக்கு. மூன்று வருடம் ஒவ்வொரு தடவையும் கடைசி பத்து நிமிடம் சீப்பால் நுனி வரை இழுத்துவிட்டது நான்தான். ஒருநாள் பின்னலைக் கையில் எடுத்தபோது பாதிக்குக் கீழே எலிவால் மாதிரி மெலிந்திருந்தது. உதிர்ந்து மெலிந்ததில்லை, ஒடிந்து ஒடிந்து மெலிந்தது. 12 செ.மீ. வெட்ட வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது இன்றைக்கும் மனசில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

முடிக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முடியின் வெளிப்பக்கம் செதில் செதிலாக, கீற்று வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். அதற்கும் மேலே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு, தண்ணீரை ஒட்டவிடாமல் முடியை வழுக்கலாக வைத்திருப்பது அதுதான். நிரந்தர டையில் இருக்கிற அம்மோனியா முடியை உப்பவைத்து அந்தச் செதில்களைத் தூக்கிவிடும். டெவலப்பரில் இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போகும். கூடவே நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகளும் போகும், அவை உள்ளே பெராக்சைடோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து பெரிய நிற மூலக்கூறாக ஆகிவிடும். பெரிதாகிவிட்டதால் வெளியே வர முடியாது. அதனால்தான் அந்த நிறம் அலசினாலும் போவதில்லை.

இதில் சேதம் இரண்டு இடத்தில். ஒன்று, அந்தக் கொழுப்புப் படலம் முதல் தடவையிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, முடி உயிரில்லாத பொருள் என்பதால் போனது திரும்ப வளராது. இரண்டாவது, முடிக்குப் பலம் தருகிற கந்தகப் பிணைப்புகளைப் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. ஒரு தடவை நடந்தால் நல்ல முடி தாங்கிக்கொள்ளும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஏற்கனவே செதில் தேய்ந்த முடி இரண்டாவது தடவை இன்னும் சீக்கிரம் ஊறும், இன்னும் அதிகமாக உள்ளே இழுக்கும், அதனால் அடுத்தடுத்த தடவையில் சேதம் கூடிக்கொண்டே போகும். நிறமும் அப்படியே ஏறிக்கொண்டே போய், நுனி மட்டும் மை கொட்டினது மாதிரி ஒளியில்லாத கருப்பாகிவிடும். உங்களுக்கும் வெயிலில் பார்த்தால் நுனி வேரைவிடக் கருப்பாகத்தான் தெரியும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மோனியா இல்லாத டை வாங்கினால் சரியாகிவிடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆகாது. அம்மோனியாவுக்குப் பதிலாக எத்தனாலமின் போட்டிருப்பார்கள், வாசம் வராது, கண் எரியாது, அவ்வளவுதான். செதிலைத் தூக்குகிற வேலையை அதுவும் செய்யும். அம்மோனியா ஆவியாகிப் போய்விடும், இது போகாமல் முடியிலேயே தங்கும், அளவு அதிகமாக இருந்தால் சேதம் கூடவும் செய்யும். மூக்குக்குச் சுகமாக இருக்கிறது என்று வாங்கினால் தப்பில்லை, முடிக்கு நல்லது என்று நினைத்து வாங்காதீர்கள்.

சரி, புது வேருக்கு மட்டும்தானே அடிக்கப் போகிறோம், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரே தடவைதானே, அப்படியென்றால் 15 நாளுக்கு ஒருமுறை அடித்தால் என்ன? நியாயமான கேள்வி. கை அவ்வளவு துல்லியம் கிடையாது என்பதுதான் பதில். 15 நாளில் வளர்ந்திருப்பது 5 மி.மீ. அந்த 5 மி.மீ.யில் மட்டும் பிரஷ்ஷை நிறுத்த எனக்கே கஷ்டம். வீட்டில் கண்ணாடி பார்த்து அடிக்கும்போது பழைய முடியில் குறைந்தது 5 மி.மீ. ஏறிவிடும். அப்படியானால் எல்லா முடியும் இரண்டு தடவை வாங்குகிறது. மூன்று வாரத்தில் 7 மி.மீ. புதுசு, 5 மி.மீ. பழையது, முக்கால்வாசி முடி இரண்டு தடவை வாங்குகிறது. ஐந்து வாரம் காத்திருந்தால் 12 மி.மீ. புதுசு இருக்கும், அதே 5 மி.மீ. வழிந்தாலும் பாதிக்கு மேல் முடி ஒரே தடவையோடு தப்பித்துவிடும். இடைவெளி கூடக் கூட வழிசலின் பங்கு குறைகிறது. நான் 5 வாரம் என்று சொல்வதற்கு முடியின் பக்கத்திலிருந்து இதுதான் காரணம், தோலின் பக்கத்திலிருந்து இன்னொரு காரணம் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

அதிகம் தள்ளிப்போட்டால் கெடுதலா என்றால், உங்களுக்கு இல்லை. இயற்கை நிறத்தைவிட வெளிர் நிறம் போடுகிறவர்கள் 6 வாரத்துக்கு மேல் விட்டால், தலைத்தோலின் சூடு படுகிற முதல் 1 செ.மீ. வேகமாக வெளுத்து, அதற்கு மேலே வேறு நிறமாக, பட்டை பட்டையாக வரும். கருப்பு போடுகிற உங்களுக்கு 8 வாரம் ஆனாலும் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது எப்படி அடிப்பது என்று வருவோம், ஏனென்றால் இடைவெளியைக் கூட்டிவிட்டு மறுபடியும் நுனி வரை பூசினால் ஒன்றும் மாறாது. தண்ணீரில் கரைக்கிற தூள் வேண்டாம். ட்யூபில் வருகிற க்ரீமும், தனியாக டெவலப்பரும் வாங்குங்கள். நரையை மூட 6 சதவீத டெவலப்பர் போதும், பாட்டிலில் 20 வால்யூம் என்று இருக்கும். 9, 12 சதவீதம் எல்லாம் முடியை வெளுக்க நினைக்கிறவர்களுக்கு. கருப்பு போடுகிறவருக்கு அதில் கூடுதலாகக் கிடைப்பது சேதம் மட்டும்தான். வேருக்கு மட்டும் என்றால் 20 கிராம் க்ரீமும் 20 மி.லி. டெவலப்பரும் தாராளம். சில கம்பெனிகளில் ஒன்றுக்கு ஒன்றரை என்று விகிதம் இருக்கும், அட்டையில் இருப்பதையே பின்பற்றுங்கள். ட்யூபை மூடி வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். கலந்ததை மட்டும் வைக்கக் கூடாது, மூடி வைத்தால் வாயு சேர்ந்து டப்பா உப்பி வெடிக்கும். கொஞ்சமாகக் கலப்பதில் இன்னொரு லாபம், நுனிக்கு இழுத்துவிட மீதியே இருக்காது.

கிண்ணம் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி, எவர்சில்வர் வேண்டாம். அடிப்பதற்கு முதல் நாள் தலைக்குக் குளிக்காதீர்கள், தோலில் இருக்கிற இயற்கை எண்ணெய் எரிச்சலைக் குறைக்கும். பிறகு, கலக்குவதற்கு முன்னால், பழைய முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து நுனி வரை தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ நன்றாகத் தடவிவிடுங்கள், வேரில் படாமல். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே கொஞ்சம் இறங்கக்கூடியது, அதனால் நனையும்போது முடி உப்புவதைக் குறைக்கும், மேலே வழிகிற டையும் ஒட்டாது. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், காதிலிருந்து காதுக்கும் கோடு போட்டு நான்கு பாகமாகப் பிரித்து கிளிப் மாட்டுங்கள். எங்கே வெள்ளை அதிகமோ அங்கே ஆரம்பியுங்கள், பெரும்பாலும் முன் நெற்றியும் காதோரமும்தான். அங்கே இருக்கிற நரை கொஞ்சம் முரடு, நிறம் ஏற நேரம் எடுக்கும். அரை செ.மீ. அகலத்துக்கு முடியை வகிர்ந்து வகிர்ந்து பிரஷ்ஷின் நுனியால் வேரில் வைத்துக்கொண்டே போங்கள். பிடரி கடைசி. கடைசியாக வைத்த இடத்திலிருந்து நேரம் பார்த்து, அட்டையில் சொன்ன அளவு, வழக்கமாக 30 லிருந்து 35 நிமிடம், விடுங்கள். முடி பாழாகிவிடுமோ என்று பயந்து 15 நிமிடத்தில் அலசுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் பாதிதான் ஏறும், பத்து நாளில் மறுபடியும் அடிக்கத் தோன்றும், அதுதான் பெரிய சேதம். சீப்பு போடாதீர்கள். அலசும்போது குனிந்து அலசாமல் தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள்.

நீளம் வெளிறிப் போய் வேரோடு சேராமல் தெரிந்தால், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பெராக்சைடு இல்லாத கலர் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அது மேலே ஒட்டுகிற நிறம், சில அலசலில் போய்விடும், ஆனால் முடியை உடைக்காது. உங்களுக்கு இப்போதைக்கு அதுவும் தேவைப்படாது, 64 தடவை ஏறின கருப்பு லேசில் போகாது.

அப்புறம், பதினைந்தாம் நாளில் வகிட்டில் வெள்ளை தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது? உங்கள் மனசு இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். நேர் வகிடு எடுத்தால் இடது பக்கம் 5 மி.மீ., வலது பக்கம் 5 மி.மீ., சேர்ந்து 1 செ.மீ. அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டது மாதிரி தெரியும். தலை முழுக்க அவ்வளவுதான் வளர்ந்திருக்கும், வேறு எங்கேயும் அவ்வளவாகத் தெரியாது. வகிட்டைக் கொஞ்சம் வளைத்து, கோணல் மாணலாக எடுத்தாலே பாதி மறைந்துவிடும். மீதிக்கு வேரில் தடவுகிற பவுடர், ஸ்டிக், மஸ்காரா மாதிரி பிரஷ் எல்லாம் வருகிறது, குளித்தால் போய்விடும், முடிக்கு ஒன்றும் செய்யாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரைக்கும் வெளியே போகும்போது மட்டும் வகிட்டிலும் காதோரமும் தடவிக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் வழியும், கல்யாணத்தில் வெள்ளைப் பட்டு கட்டும் நாளில் ஜாக்கிரதை.

இன்னொரு வழியும் இருக்கிறது, நான் நிறைய பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். சுத்தக் கருப்பை விட்டுவிட்டு ஒரு படி இறங்கி அடர் பழுப்புக்கு வாருங்கள். கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம்தான் கண்ணில் குத்துகிறது, பழுப்புக்கும் வெள்ளைக்கும் அவ்வளவு குத்தாது, அதனாலேயே இரண்டு வாரம் கூடுதலாகத் தாங்கலாம். நம் முகத்துக்கும் 50 நெருங்கும்போது மைக்கருப்பைவிட அது நன்றாக இருக்கிறது, இது என் அபிப்பிராயம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், டை மேல் டை போட்டால் பழைய கருப்பு வெளுக்காது. வேர் பழுப்பாகவும் நீளம் கருப்பாகவும் கொஞ்ச நாள் இருக்கும், ஒரு படி மட்டும் இறங்கினால் பின்னலில் தெரியாது. நீளத்தையும் பழுப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது ப்ளீச் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், உங்கள் நுனி அதைத் தாங்காது.

இனி தோல். டையில் நரையைக் கருப்பாக்குகிற முக்கியச் சரக்கு பாரா-பினைலின் டயமின், சுருக்கமாக பிபிடி. ஐரோப்பாவில் கலந்த பிறகு தலையில் படுகிற அளவு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அவ்வளவு ஒவ்வாமை தரக்கூடியது. இதில் மோசமான விஷயம், இருபது வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு இருபத்தோராவது வருடம் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒவ்வொரு தடவை தோலில் படும்போதும் உடம்பு அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. 15 நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 24 வாய்ப்பு, மூன்று வாரம் என்றால் 17, ஐந்து வாரம் என்றால் 10. முடியைவிட இந்தக் கணக்குத்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது, முடியை வெட்டினால் புதுசு வளரும், ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது.

அறிகுறி அடித்த அன்றைக்கே வராமல் போகலாம். ஒன்று முதல் மூன்று நாளில் காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில் அரிப்பு, சிவப்பு, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம், சில பேருக்குக் கண் இமை வீங்கும். "போன தடவை லேசாக அரித்தது, தேங்காய் எண்ணெய் தடவினேன், சரியாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் வருவார்கள், நான் அடிக்க மாட்டேன். லேசான அரிப்புதான் முதல் எச்சரிக்கை, அடுத்த தடவை முகமே வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். அப்படி ஆனால் தோல் டாக்டரைப் பாருங்கள், நம் பக்கத்துக்கு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது. மூச்சுத் திணறினால் காத்திருக்கவே கூடாது.

நம் நாட்டில் பிபிடி உள்ள டை அட்டையில் எச்சரிக்கை போடச் சட்டம் இருக்கிறது. உள்ளே இருக்கிற காகிதத்தில், காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கவும், ஒவ்வொரு தடவையும் பார்க்கவும் என்று இருக்கும். நான் இரண்டு நாள் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒவ்வாமை மெதுவாக வருவது. புருவத்துக்கும் இமைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் அடிக்காதீர்கள், பார்வை போகலாம் என்று அதே காகிதத்தில் எழுதியிருக்கும்.

ஹெர்பல், மூலிகை, மெஹந்தி என்று பெயர் போட்ட கருப்புத் தூள் சாஷேக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், கெமிக்கல் வேண்டாம் என்று பயந்து பலரும் போய் விழுவது அதில்தான். மருதாணி இலை வெள்ளை முடியை ஆரஞ்சுச் சிவப்பாகத்தான் ஆக்கும், அதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று கருக்க வைத்தால் அதற்குள் பிபிடி இருக்கிறது, பின்பக்கம் பொடி எழுத்தில் படித்துப் பாருங்கள். அளவு எவ்வளவு என்று தெரியாது, வேருக்கு மட்டும் அடிக்கவும் வராது, தண்ணீராக நுனி வரை ஓடும்.

உண்மையிலேயே பெராக்சைடு இல்லாமல் கருப்பு வேண்டும் என்றால் மருதாணி போட்டு அலசிவிட்டு, அதன் மேல் அவுரி இலைத்தூள் போடுவது ஒன்றுதான் வழி. ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து நீலச் சாயத் துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போனது, அந்த நீலம் இந்த அவுரியிலிருந்துதான் வந்தது. முடிக்கு உள்ளமைப்பில் சேதம் செய்யாது. ஆனால் அரை நாள் வேலை, காதோர நரையில் சரியாகப் பிடிக்காது, மூன்று நாலு வாரத்தில் மங்கும். பொறுமை இருந்தால் செய்யுங்கள். முதலில் தனித்தூளாக, வேறு எதுவும் கலக்காததாக இருக்கிறதா என்று பாருங்கள். உலோக உப்பு கலந்த தூள் போட்ட முடியில் பிறகு பெராக்சைடு டை பட்டால் முடி சூடேறிப் பொசுங்கினது மாதிரி ஆகிவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை தண்ணீர். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் பல வீட்டில் உப்பு, பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், சில இடத்தில் செம்பழுப்பாகவும் படியும். இரும்பும் செம்பும் முடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தால், பெராக்சைடு பட்டவுடன் அவை அதைத் தாறுமாறாகச் சிதைய வைத்து முடியின் புரதத்தை இன்னும் கூடுதலாக உடைக்கும். பழைய முடியில் இந்தப் படிவு அதிகம், நுனிக்கு டை வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டாலும், டை அடிப்பதற்கு முந்தைய தலைக்குளியலிலும், டையை அலசி முடிக்கும்போதும் கடைசியாக இரண்டு சொம்பு கேன் தண்ணீர் ஊற்றுங்கள். தேவனாம்பட்டினம் கடலில் கால் நனைக்கப் போய்த் தலையும் நனைந்தால் வீட்டுக்கு வந்தவுடன் அலசிவிடுங்கள். ஸ்கூட்டியில் போகும்போது பின்னலை ஹெல்மெட்டுக்கு வெளியே வெயிலில் தொங்கவிடாமல் துப்பட்டாவுக்குள் விடுங்கள், வெயிலும் பெராக்சைடு செய்கிற வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது.

உங்கள் முடி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சீப்பில் வந்த துண்டுகளை வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, தினம் கொஞ்சம் உதிர்வது எல்லோருக்கும் உண்டு. குமிழ் இல்லாமல் இரண்டு பக்கமும் வெட்டினது மாதிரி இருந்தால் ஒடிந்தது, அதுதான் டையின் வேலை. நீங்கள் துண்டு துண்டாக என்று எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான், ஆனால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், கொத்துக் கொத்தாகக் குமிழோடு வந்தால் தைராய்டு, இரத்தச் சோகை என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும், டையைக் குறைத்து அது நிற்காது.

அடுத்து ஈரமாக இருக்கும்போது ஒரு முடியை 10 செ.மீ. அளவுக்கு இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல முடி 13 செ.மீ. வரை நீண்டு, விட்டவுடன் திரும்பிவிடும். ரப்பர் மாதிரி நீண்டு அப்படியே தொய்ந்து நின்றாலோ, நீளாமலேயே பட்டென்று அறுந்தாலோ அந்தப் பகுதி முடிந்துவிட்டது. இதை வேர்ப்பக்கம், நடு, நுனி என்று மூன்று இடத்தில் செய்து பாருங்கள், எந்த இடத்தில் திரும்பாமல் போகிறதோ அங்கேதான் உங்கள் வெட்டுக்கோடு. உங்கள் கணக்குப்படி அது நுனியிலிருந்து 10 முதல் 15 செ.மீ.க்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரேயடியாக வெட்ட மனசு வராவிட்டால் இப்போது 6 செ.மீ., அப்புறம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 6 செ.மீ. வெட்டுங்கள். நான்கு மாதத்தில் 4 செ.மீ. வளர்ந்துவிடும், அதனால் நீளம் பெரிதாகக் குறைந்தது போலத் தெரியாது. நாராய்ப் போன நுனியை எந்த மாஸ்க்கும் சீரமும் ஒட்டவைக்காது, கண்டிஷனர் போட்டால் சிக்கு குறைந்து ஒடிவது குறையும், அதற்காக மட்டும் ஒவ்வொரு குளியலிலும் போடுங்கள். சீயக்காய் போட்டால் நீளத்தில் தேய்க்காமல் தலைத்தோலில் மட்டும் தேய்த்து விடுங்கள், சீயக்காய்த் தூள் தேய்ந்த செதிலை இன்னும் அரைக்கும்.

கடைசியாக அடித்து எத்தனை நாள் ஆகிறது என்று எழுதவில்லை. இரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் இன்றைக்கே எதையும் செய்ய வேண்டாம். இந்த வாரம் வெட்டிவிடுங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து வகிட்டுக்கு ஸ்டிக், ஐந்தாவது வாரத்துக்கு இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் சோதனை, அப்புறம் 20 கிராம் கலந்து வேருக்கு மட்டும். அந்த இடைவெளியில் ஏதாவது விசேஷம் வந்து பொறுக்க முடியாமல் போனால், தலை முழுக்க அடிக்காமல் முன் நெற்றி ஓரமும் வகிடும் மட்டும் 5 கிராம் கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். அதை வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அரிப்பு ஏதாவது இதற்கு முன் வந்திருந்தால், எப்போது, எந்த இடத்தில் என்று சேர்த்து எழுதுங்கள், அப்போது நான் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் மாறும்.